பெங்களூரு வாடகை அக்ரிமென்டில் 'இஃப்', 'அன்லெஸ்', 'அன்டில்': கையெழுத்துக்கு முன் படிக்கும் முறை

பெங்களூருவில் வீடு பிடித்து டோக்கன் பணம் கொடுத்ததும், புரோக்கர் நாலைந்து பக்க அக்ரிமென்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பார். முழுவதும் ஆங்கிலம். பெயர், வாடகை, அட்வான்ஸ், தேதி நான்கையும் சரிபார்த்துவிட்டு மீதியை மேலோட்டமாக ஓட்டிவிடுவதுதான் ஊரில் வழக்கம். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் அந்த மீதியில்தான். 'இது நடந்தால்', 'இது நடக்காவிட்டால்', 'இது நடக்கும் வரை' என்று ஏழெட்டு வாக்கியங்கள் உள்ளே இருக்கும். உங்கள் அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், எவ்வளவு திரும்ப வரும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

ஊரிலிருந்து புதிதாக வந்து ஒயிட்ஃபீல்டிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ வீடு எடுப்பவர்கள், அந்த வாக்கியங்களைத் தாங்களே சோதித்துக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு பேனாவும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

முதலில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்

நிபந்தனை உள்ள எந்த வாக்கியத்திலும் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று நிபந்தனை: எது நடந்தால், அல்லது எது நடக்காவிட்டால். மற்றது விளைவு: அதனால் யாருக்கு என்ன ஆகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 31-ஆம் பிரிவில் இப்படி ஒரு நிகழ்வைச் சார்ந்து நிற்கும் ஒப்பந்தத்துக்குத் தனி இலக்கணமே வைத்திருக்கிறது.

அக்ரிமென்டைப் பிரின்ட் எடுத்து, 'இஃப்', 'அன்லெஸ்', 'அன்டில்' வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். 'ப்ரொவைடட் தட்', 'இன் கேஸ்', 'சப்ஜெக்ட் டு' ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வட்டமிட்ட ஒவ்வொன்றையும் ஓரத்தில் ஒற்றைத் தமிழ் வரியாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் விளைவு முன்னால் வந்து, நிபந்தனை வால் போலப் பின்னால் தொங்கும். தமிழில் நிபந்தனை முன்னால் வந்து, விளைவு வினைமுற்றோடு முடியும். அப்படித் திருப்பி எழுதும்போதே ஓட்டைகள் பாதி தெரிந்துவிடும்.

எழுதும்போது நிபந்தனையில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த வழியில். 'நோட்டீஸ் கொடுத்தால்' என்பது அரைகுறை நிபந்தனை. 'குடியிருப்பவர், காலி செய்யும் நாளுக்கு 60 நாள் முன்பு, மின்னஞ்சலில் நோட்டீஸ் கொடுத்தால்' என்பது முழுமையானது. நீங்கள் எழுதிய தமிழ் வரியில் எழுவாய் இல்லாமல் போனால், அக்ரிமென்டிலும் அது இல்லை என்று அர்த்தம். 'பழுது பார்க்கப்படாவிட்டால்' என்று எழுதிவிட்டுப் பாருங்கள்: பழுது பார்க்க வேண்டியவர் ஓனரா, நீங்களா?

'அன்லெஸ்' எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

அதிகம் ஏமாற்றுவது இந்தச் சொல்தான். பல அக்ரிமென்டுகளில் இந்தக் கருத்தில் ஒரு வாக்கியம் இருக்கும்:

'வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்காவிட்டால், குடியிருப்பவருக்கு அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது.'

ஆங்கிலத்தில் இது 'ஷல் நாட் பி ரீஃபண்டட் அன்லெஸ்' என்று வரும். இதைப் படிக்கும் எல்லோரும் மனதுக்குள் இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: 'நல்ல நிலையில் ஒப்படைத்தால் அட்வான்ஸ் கிடைத்துவிடும்.' அது அங்கே எழுதப்படவில்லை. நல்ல நிலையில் ஒப்படைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஒப்படைத்துவிட்டால் எத்தனை நாளில், எந்தக் கழிவு போக, எந்தக் கணக்குக்குப் பணம் வரும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. எனவே 'அன்லெஸ்' வரும் ஒவ்வொரு இடத்திலும், நேர்மறையான மறுபாதி வேறு எங்காவது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்: 'சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள், கழிவு ஏதும் இருந்தால் அது போக, மீதி அட்வான்ஸை ஓனர் திருப்பித் தர வேண்டும்.'

அதே வரியில் இரண்டாவது கோளாறும் இருக்கிறது. நிபந்தனை மிகச் சிறியது, விளைவு மிகப் பெரியது. வரியை அப்படியே எடுத்துக்கொண்டால், சுவரில் ஒரு ஆணித் துளை இருந்தாலே 'நல்ல நிலை' போய்விடும். போனால் முழு அட்வான்ஸும் போய்விடும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரில் நெடுநாள் வழக்கம். ஆறு மாதமாகக் குறைத்துப் பேசி முடித்தாலும், 25,000 ரூபாய் வாடகைக்கு அது 1,50,000 ரூபாய். ஒரு ஆணித் துளைக்கு அந்தத் தொகையா?

நீதிமன்றம் அப்படி அப்படியே எடுத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்பே குறித்திருந்தாலும், அதற்கு மேல் போகாத நியாயமான ஈட்டுத்தொகைதான் கிடைக்கும். ஆனால் பணம் ஓனர் கையில் இருக்கிறது, வழக்குப் போட வேண்டியவர் நீங்கள். ஆகவே வரியையே மாற்றிவிடுவது நல்லது: 'சாதாரணத் தேய்மானம் தவிர வேறு சேதம் இருந்தால், அதைச் சரிசெய்ய உண்மையில் ஆன செலவை மட்டும், பில் காட்டி, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.' இப்போது நிபந்தனையின் அளவுக்கு ஏற்ப விளைவும் கூடும், குறையும்.

பெயின்டிங் சார்ஜ் பற்றிய வரியையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். 'குடியிருப்பவர் பெயின்ட் அடித்துக் கொடுக்காவிட்டால் ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்றிருந்தால், நீங்களே அடித்துக் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்க இடம் இருக்கிறது. 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்று மட்டும் இருந்தால் அங்கே நிபந்தனையே இல்லை, கழிவு நிச்சயம். இரண்டும் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

'அன்டில்': முடிவுப் புள்ளி யார் கையில்?

'அன்டில்' ஒரு நிலையைத் தொடங்கிவைத்து, அது முடியும் புள்ளியையும் சொல்கிறது. அந்தப் புள்ளி நாள்காட்டியில் இருக்கும் தேதியா, அல்லது ஒரு நிகழ்வா? நிகழ்வு என்றால் அதை நடத்துவது யார்?

புதிதாக வருபவர்களை மாட்டவைக்கும் வரி இது: 'புதிய குடித்தனம் வரும் வரை அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது.' நிபந்தனை, விளைவு இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் புதிய குடித்தனத்தைக் கொண்டுவருவது ஓனர். அவர் வாடகையை 25,000-லிருந்து 32,000-ஆக ஏற்றிவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்லலாம். வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பிக்கலாம். விற்கவே முடிவு செய்யலாம். அப்போது புதிய குடித்தனம் என்பதே கிடையாது. முடிவுப் புள்ளி முழுக்க அவர் கையில், காத்திருப்பது மட்டும் உங்கள் பங்கு.

இதற்கு மருந்து, நிகழ்வோடு ஒரு கடைசித் தேதியைக் கட்டிவிடுவது: 'புதிய குடித்தனம் வரும் வரை, அல்லது சாவி ஒப்படைத்து 30 நாள் ஆகும் வரை, இரண்டில் எது முன்னதோ அதுவரை.' 'எது முன்னதோ' என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னதுதான் பொருள் என்று வாதாட இடம் உண்டு.

இதைச் சொல்லும்போது ஓனர் முகம் சுளிப்பது இயல்பு. நண்பர் ஒருவருக்காகப் பேசப் போன இடத்தில், வீட்டுக்கார அம்மா நல்ல தமிழிலேயே, "அதெல்லாம் சும்மா எழுதுறதுப்பா, நாங்க யாரு பணத்தையும் அப்படி வச்சுக்க மாட்டோம்" என்றார். "தெரியும் ஆன்ட்டி, உங்களைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. வச்சுக்க மாட்டோம்னு நீங்க சொல்றதையே எழுதிடலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, முப்பது நாள்னு போட்டுக்கோ" என்றார். வாய்ச்சொல்லையே வரியாக்கக் கேட்பது சண்டையாகத் தெரியாது.

'அன்டில் அண்ட் அன்லெஸ்' என்ற இரட்டை

டைப்பிங் கடையில் பழைய ஃபைலிலிருந்து எடுத்து அடித்துத் தரும் அக்ரிமென்டுகளில் இது அடிக்கடி வரும்: 'அன்டில் அண்ட் அன்லெஸ் தி டெனன்ட் டஸ் நாட் ஹேண்ட் ஓவர் தி கீஸ்…' இங்கே 'நாட்' தவறாக நுழைந்திருக்கிறது.

நம் மொழிப் பழக்கம்தான் காரணம். தமிழில் 'சாவி கொடுக்கும் வரை அட்வான்ஸ் கிடைக்காது' என்றாலும், 'சாவி கொடுக்காத வரை அட்வான்ஸ் கிடைக்காது' என்றாலும் பொருள் ஒன்றே. இந்தியிலும் 'ஜப் தக் நஹீன்' என்று 'இல்லை'யைப் போட்டுத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'அன்லெஸ்' தனக்குள்ளேயே ஓர் 'இல்லாவிட்டால்' வைத்திருக்கிறது. கூடவே 'நாட்' வந்தால் எண்ணிக்கை இரண்டாகி, நிபந்தனை தலைகீழாகிவிடும். மேலே உள்ள வரியை எழுத்துக்கு எழுத்து படித்தால், சாவியைக் கொடுக்காமல் இருந்தால்தான் அட்வான்ஸ் கிடைக்கும் என்று வரும்.

சாவி விஷயத்தில் அபத்தம் பளிச்சென்று தெரிவதால் யாரும் அப்படி வாதாட மாட்டார்கள். ஆனால் 'பராமரிப்புப் பாக்கியை ஓனர் தீர்க்காத வரை' போன்ற வரிகளில் இரண்டு பொருளுமே நம்பும்படி இருக்கும். அங்கேதான் ஆபத்து.

சோதனை எளிது. வரியில் உள்ள எதிர்மறைகளை எண்ணுங்கள். 'அன்லெஸ்' ஒன்று, நிபந்தனைக்குள் வரும் 'நாட்' ஒன்று, 'ஃபெயில்ஸ் டு' இருந்தால் அதுவும் ஒன்று. நிபந்தனைப் பகுதியில் இரண்டு வந்தால் நிறுத்தி, தமிழில் திருப்பி எழுதி, ஒரு நாளை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். பிறகு மாற்றச் சொல்லும்போது இரட்டைச் சொல்லே வேண்டாம். தேதியைச் சார்ந்தது என்றால் 'அன்டில்' மட்டும், செயலைச் சார்ந்தது என்றால் 'இஃப்' மட்டும் போதும்.

லாக்-இன் வரியை நாள்காட்டியில் வைத்துப் பார்ப்போம்

வாடகை 25,000. அக்ரிமென்ட் 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை, பதினொரு மாதம். (ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும், பதினொரு மாதம் என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது.) லாக்-இன் ஆறு மாதம், அதாவது நவம்பர் 30 வரை. வரி இப்படி இருக்கிறது:

'லாக்-இன் காலம் முடியும் வரை குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. அதன் பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து முறிக்கலாம்.'

செப்டம்பர் கடைசியில் உங்களுக்குச் சென்னைக்கு மாற்றல் வருகிறது. எப்போது காலி செய்யலாம்?

'அதன் பிறகு' என்பது முறிப்பதோடு சேர்ந்தது என்று கொண்டால், நோட்டீஸை லாக்-இன் காலத்துக்குள்ளேயே கொடுக்கலாம். அக்டோபர் 1 அன்று கொடுத்து, இரண்டு மாதம் ஓடி, நவம்பர் 30-க்கு லாக்-இன்னும் நோட்டீஸும் ஒன்றாக முடிகின்றன. 'அதன் பிறகு' என்பது நோட்டீஸ் கொடுப்பதோடு சேர்ந்தது என்று கொண்டால், டிசம்பர் 1-க்கு முன் கொடுத்த நோட்டீஸ் செல்லாது. டிசம்பர் 1 அன்று கொடுத்தால் ஜனவரி 31 வரை வாடகை ஓடும். இடைவெளி இரண்டு மாதம், 50,000 ரூபாய். வரியில் எந்தச் சொல்லும் தவறில்லை, இலக்கணமும் சரி. நிபந்தனை எந்த வினையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இதைக் கண்ணால் படித்துக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் உண்மையான தேதிகளைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நிபந்தனை வரிக்கும் மூன்று நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, சரியாக எல்லையில் ஒன்று, எல்லை தாண்டி ஒன்று. ஒவ்வொரு நாளிலும் விளைவு என்ன என்று உங்களால் ஒரே பதில் சொல்ல முடிகிறதா? இரண்டு பதில் வந்தால் வரி உடைந்திருக்கிறது. இந்த வரியை இப்படிச் சரிசெய்யலாம்: 'லாக்-இன் காலத்துக்குள்ளும் நோட்டீஸ் கொடுக்கலாம், ஆனால் காலி செய்யும் நாள் 2025 நவம்பர் 30-க்கு முன்னதாக இருக்கக் கூடாது.'

இதோடு, லாக்-இன் யாருக்கு என்றும் பாருங்கள். 'குடியிருப்பவர் முறிக்கக் கூடாது' என்று மட்டும் இருந்தால், ஓனர் மூன்றாம் மாதமே நோட்டீஸ் கொடுப்பதை அந்த வரி தடுக்காது. 'இருவரில் எவரும்' என்று இருந்தால்தான் அது உங்களையும் காக்கும்.

லாக்-இன்னுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற விளைவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்காம் மாத முடிவில் போனால் பிடிப்பது மீதமுள்ள இரண்டு மாத வாடகையா, அதோடு நோட்டீஸுக்கான இரண்டு மாதமுமா? 'லாக்-இன்னை மீறினால் இன்னது, நோட்டீஸ் கொடுக்காவிட்டால் இன்னது' என்று தனித்தனி வரியாக இருந்தால், இரண்டும் சேர்ந்து நான்கு மாதமாகிவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டில் ஒன்றுதான் என்றால் அதையும் எழுத வேண்டும்.

பேசாமல் இருப்பதே நிபந்தனையாகும் இடம்

'இருவரில் எவரும் முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், அக்ரிமென்ட் 5 சதவீத உயர்வோடு மேலும் பதினொரு மாதத்துக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும்.' இங்கே விளைவைத் தூண்டுவது உங்கள் மௌனம். நம் கணக்கில் முடிவுத் தேதி ஏப்ரல் 30. முப்பது நாள் முன்பு என்றால் மார்ச் 31. அன்றைக்குள் நீங்கள் எழுதாவிட்டால், மே 1 முதல் வாடகை 26,250.

அதைவிட முக்கியமான கேள்வி, லாக்-இன்னும் சேர்ந்து புதுப்பிக்கப்படுமா என்பது. 'இதே விதிமுறைகளோடு' என்று வரி முடிந்தால், இன்னொரு ஆறு மாத லாக்-இன் தொடங்கிவிட்டது என்று ஓனர் சொல்ல இடம் உண்டு. 'புதுப்பிக்கப்பட்ட காலத்துக்கு லாக்-இன் கிடையாது' என்று ஒரு வரி சேருங்கள். மார்ச் 31-ஐ இப்போதே செல்போன் நாள்காட்டியில் போட்டுவையுங்கள், அதுவும் ஒரு வாரம் முன்பே அடிக்கும்படி.

'ஆர்', 'அண்ட்' கலந்து வந்தால்

'இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால், அல்லது தொந்தரவு செய்தால், மற்றும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்கப்பட்டால், ஓனர் வெளியேற்றலாம்.' நோட்டீஸ் இரண்டு காரணத்துக்கும் தேவையா, தொந்தரவுக்கு மட்டுமா? இப்படி வந்தால் (அ), (ஆ) என்று பிரித்து, 'இவற்றில் எது நடந்தாலும், 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே' என்று எழுதச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

திருத்தத்தைக் கேட்பதும் பதிவதும்

எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் வீடே கைவிட்டுப் போகலாம். நேரம் குறைவு என்றால் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அட்வான்ஸ் திரும்பும் கடைசி நாள், லாக்-இன்னுக்குள் நோட்டீஸ் கொடுக்கலாமா என்பது, தானாகப் புதுப்பிக்கும் வரி. மற்றவை சில ஆயிரங்களில் தீரும். இவை லட்சத்தைத் தொடும்.

திருத்தம் வேண்டும் என்று மட்டும் சொல்லாமல், மாற்று வரியை நீங்களே முழுதாக எழுதிப் புரோக்கருக்கு அனுப்புங்கள். டைப்பிங் கடையில் அதை அப்படியே ஒட்டிவிடுவார்கள். இ-ஸ்டாம்போடு பிரின்ட் வந்த பிறகு அந்த வரிகளை மறுபடியும் படியுங்கள். பழைய ஃபைலையே அச்சடித்துக் கொண்டுவந்துவிடுவது உண்டு. பிரின்ட்டுக்குப் பின் பேனாவால் திருத்த நேர்ந்தால், அடித்த இடத்தின் ஓரத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓனரின் கையெழுத்து இல்லாத திருத்தத்தை நம்பி இருக்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழையும் அன்றே அறை அறையாக வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். 'நல்ல நிலை' என்ற நிபந்தனையை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு அதுதான் சாட்சி. காலி செய்யும் நாளில், 'இன்று இத்தனை மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டேன்' என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அக்ரிமென்டில் இருக்கும் 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.